அக்காவுக்கு வந்த பிரஷரும் எனக்கு வந்த பிரஷரும்

எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே மழைக்காலத்தில் பிரஷர் வந்தது. எனக்கு அப்போது முப்பத்தேழு வயது, அவளுக்கு ஐம்பது. என்னுடையது வந்த வழியே போய்விட்டது. தன்னுடையதும் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பிலிருந்து அவளை இழுத்து வெளியே போட நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சிலமலையிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பு விடியும் முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். உள்ளே மடியோடு மடியாக உட்கார்ந்து, பின்னால் தொங்கிக்கொண்டு, எப்படியோ இருபது பேர் ஏறிவிடுவோம். போடியைத் தாண்டி முந்தல் வந்தால் மலை தொடங்கிவிடும். வளைவு ஏற ஏறக் காது அடைக்கும், தலை கனக்கும், மேட்டுக்கு மேலே குளிர் முகத்தில் அறையும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம். எங்கள் தோட்டம் அங்கே இருந்தது. நாள் முழுக்கச் செடிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து காய் எடுப்போம். ஆண்கள் மரத்தடியில் ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. மாதத்தில் அந்த மூன்று நாளில் மலைக்குப் போவதென்றால் அது நரகம்தான். போகாவிட்டால் சம்பளம் இல்லை.

அதனால்தான் அந்த ஜீப்பில் பாதிப் பெண்களின் சுருக்குப்பையில் கருத்தடை மாத்திரை இருந்தது. பிள்ளை வேண்டாம் என்பது ஒரு காரணம். தீட்டு சொன்ன நாளில் வரும், கொஞ்சமாக வரும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அட்டையின் கடைசி வரிசையில் இருக்கும் பழுப்பு மாத்திரை வெறும் இரும்புச்சத்து. அதைச் சாப்பிடும் வாரத்தில்தான் தீட்டு வரும். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் நாங்கள் அந்தப் பழுப்பு மாத்திரையைத் தொடுவதே இல்லை. வெள்ளை முடிந்ததும் அடுத்த அட்டையின் வெள்ளைக்குத் தாவிவிடுவோம். யார் முதலில் கண்டுபிடித்த வித்தையோ தெரியாது, ஜீப்பில் வாய்வழியாகப் பரவிய வித்தை அது.

எனக்கு ஒரே மகள். இன்னொன்று பிறகு பார்க்கலாம் என்று லோடு லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிறகு வருவதாகவும் இல்லை, ஆபரேஷனுக்கு அவர் சம்மதிப்பதாகவும் இல்லை. முதல் அட்டையை எங்கள் ஊர் நர்சம்மாதான் கொடுத்தார். பிரஷர் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லி, இடையிடையே வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அவர் ஊருக்குள் வரும் நேரம் நாங்கள் மலையில் இருப்போம். எங்கே போய்ப் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை போடி சந்தைக்குப் போகும்போது மெடிக்கலில் வாங்கிக்கொள்வேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார், நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

அக்காவுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவளுக்குத் தீட்டு நின்று ஒரு வருடம் தாண்டியிருந்தது. பதிலுக்கு வேறொன்று வந்திருந்தது. மூடுபனி இறங்கி நாங்களெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு மட்டும் கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும். முகம் சிவந்து, நெற்றி வேர்த்து, சேலைக்கு மேலே மாட்டியிருக்கும் ஆண் சட்டையைக் கழற்றி எறிவாள். ஏல இலை ஒன்றைப் பிடுங்கி விசிறிக்கொண்டு உட்காருவாள்.

"ஆத்தாடி, இந்தக் குளுருல வெந்து சாகுறேனே. யாராச்சும் எம்மேல சோத்துப் பானைய வைங்கடி, பொங்கிரும்" என்பாள்.

செடிக்குள்ளிருந்து எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது தலைவலி. எனக்குக் காலையில் பிடரியில் பிடிக்கும், அவளுக்கு எந்நேரமும். ஜீப்பில் அதற்கு விளக்கம் தயாராக இருந்தது. மலை ஏறினால் தலை வலிக்கத்தான் செய்யும். எனக்கும் அது போதுமான விளக்கமாகவே பட்டது.

அந்த மழைக்காலத்தில் தோட்டத்து ஸ்டோருக்குக் கேரள அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்சு வந்தார். காய் உலர்த்தும் கட்டடத்தின் வராந்தாவில் நாற்காலி போட்டு, ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தார். எனக்கு நூற்றைம்பத்தாறுக்கு நூற்றிரண்டு. சின்ன வயது, ஒல்லி உடம்பு. அவருக்கே நம்பிக்கை இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி எடுத்தார். அதேதான். அடுத்து அக்காவுக்கு எடுத்தார். நூற்றறுபத்து நாலு என்றார்.

வரிசையில் நின்றவர்கள் விடவில்லை. "சிஸ்டரு, இது மலையில எடுத்த பிரஷரு. ஜீப்புல ஏறி வந்தா ஏறத்தான செய்யும்? கீழ எறங்குனா தன்னால எறங்கிரும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியது.

நர்சு கருவியை மடித்தபடியே சொன்னார். "மலை கேறினா பிரஷர் கேறுமோ சேச்சீ? நான் இந்த மலையிலயல்லே பொறந்தது. எனக்கு நார்மலாணு."

பிறகு என்னிடம், "மருந்து வல்லதும் கழிக்குன்னுண்டோ?" என்றார், ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று. நான் இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நோய்க்குச் சாப்பிடுவதுதான் எங்களுக்கு மருந்து. பிள்ளை தரிக்காமல் இருக்கச் சாப்பிடுவதை யார் மருந்து என்று சொல்வார்கள்? போதாததற்குச் சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஊருக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நர்சு கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா எனக்குத் துணை, நான் அவளுக்குத் துணை. கீழே எடுத்தால் இறங்கியிருக்கும் என்று இருவருமே உள்ளூர நம்பினோம். இறங்கவில்லை. சமதரையிலும் அதே அளவுதான். ஜீப்பின் வைத்தியம் அங்கேயே பல்லிளித்தது.

டாக்டரம்மா எங்களைவிடச் சின்னவர். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், உப்பு எவ்வளவு, ஊறுகாய் கருவாடு எவ்வளவு, புகையிலை உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்தபடி கடைசியாக, "அடுத்த குழந்தை உண்டாகாம இருக்க என்ன பண்றீங்க?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷமா? இதுக்கு நடுவுல யாராவது பிரஷர் பாத்தாங்களா? இன்னைக்கே நிறுத்துங்க" என்றார்.

அந்த மாத்திரையில் பெண்களுக்கு உரிய ஹார்மோனைப் போலவே செய்த ஒன்று இருக்கிறதாம். விழுங்கியதும் அது கல்லீரலுக்குப் போய் ஒரு பொருளை அதிகமாகச் சுரக்கவைக்கிறது. அந்தப் பொருள் கூடினால் ரத்தக்குழாய் இறுகும், உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும். எல்லோருக்கும் இப்படி ஏறாது. பெரும்பாலானவர்களுக்கு ஏறினாலும் தெரியாத அளவுதான். ஒரு சிலருக்கு இப்படி எகிறிவிடும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களும், பிரஷர் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களும் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் அம்மா பிரஷரில் விழுந்துதான் போனாள்.

"எங்க அக்கா மாத்திரையே சாப்பிடல. அவளுக்கு ஏன் ஏறுச்சு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு நேர் எதிர். ஒடம்புல தானா ஊறுற ஹார்மோன் நின்னுபோச்சு. அது இருந்த வரைக்கும் ரத்தக்குழாய இளக்கமா வச்சிருந்துச்சு. இப்ப குழாய் விறைக்குது. தின்ன உப்பு முன்ன மாதிரி வெளிய போகாது. வயசும் சேருது."

கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். பெண் உடம்பைப் படைத்தவனுக்குக் கணக்கே வராது போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. மாத்திரையில் வெளியிலிருந்து போவதும், உடம்பிலேயே ஊறுவதும் ஒன்றுபோல வேலை செய்யாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். அதை நான் நன்றாகக் கேட்டேன். அக்காவும் கேட்டாள் என்று சத்தியம் செய்வேன்.

"தங்கச்சிக்கு வந்தது மாத்திரைய விட்டா பெரும்பாலும் போயிரும். ஒங்களுக்கு வந்தது போகாதும்மா. மாத்திரை சாப்பிட்டு அடக்கித்தான் வைக்கணும். வேர்க்கிறது, கொதிக்கிறது எல்லாம் ஒரு நாள் நின்னுரும். அது நின்னுருச்சுன்னு பிரஷரும் நின்னுருச்சுன்னு நெனச்சுராதீங்க. பிரஷருக்கு அடையாளமே கிடையாது."

எனக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காப்பர்-டி போட்டுவிட்டார்கள். அக்காவுக்குத் தினம் ஒன்று போட வேண்டிய சிறு வெள்ளை மாத்திரை. எனக்கு வாரம் ஒருமுறை பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. பிடரி வலி போன இடம் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜீப்பில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். ஒன்றிரண்டு பேர் வேலைக்கு லீவு போட்டு நர்சம்மாவிடம் போய்ப் பிரஷர் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அக்காவுக்கும் மாத்திரையில் அடங்கியது. அவள் பாட்டுக்கு மாதாமாதம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் ஒரு நாள் அக்கா பாசிப்பருப்புப் பாயசம் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என்ன விசேஷம் என்றேன்.

"அந்தச் சனியன் தொலஞ்சதுடி. ரெண்டு மாசமாச்சு, வேர்க்கல, கொதிக்கல. ராத்திரி அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறேன்."

முகம் தெளிந்து பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். எனக்கும் மனசு நிறைந்தது. இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். மாத்திரையைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சாப்பிடுகிறவளிடம் சாப்பிடுகிறாயா என்று எதற்குக் கேட்பது?

அது தெரியவந்த விதம் கேவலமானது. ஜீப்பில் என் மடியில் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண், போகிற போக்கில் சொன்னாள். "ஒங்க அக்கா ஒரு தலவலி மாத்திரை குடுத்துச்சு. சின்னூண்டு. அதப் போட்டா நல்லாத்தான் கேக்குது." எந்த மாத்திரை என்றேன். சுருக்குப்பையைத் திறந்து காட்டினாள். அக்காவின் பிரஷர் மாத்திரை. ஜீப்பு வளைவில் திரும்பியது. முன்சீட்டில் அக்கா யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது அவளைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன். அவள் ஒளிக்கவே இல்லை.

"ஆமா, விட்டுட்டேன். அதுக்கென்ன? ஒனக்கு விட்டதும் எறங்குச்சுல்ல?"

"நான் விட்டது பிள்ள மாத்திரை, அக்கா. நீ விட்டது பிரஷர் மாத்திரை."

"எல்லாம் தீட்டுச் சமாச்சாரந்தான பிள்ள. ஒனக்கு அத நிறுத்தப் போட்டதால வந்துச்சு, எனக்கு அது நிக்கிறதால வந்துச்சு. ஒனக்கும் தீந்துருச்சு, எனக்கும் தீந்துருச்சு. வெக்கையே நின்னப்புறம் பிரஷரு எங்கிட்டு இருந்து வரும்?"

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஒன் காது எங்க இருந்துச்சு அப்ப?"

"அவுக சொல்லத்தான் செய்வாக. நான் நல்லாத்தான இருக்கேன். இந்தா பாரு, கல்லுக் கெணக்கா இருக்கேன்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். என் பிரஷர் இறங்கிய காரணம் வேறு, அவளுடையது அடங்கியிருந்த காரணம் வேறு. அவளுக்கு இரண்டும் ஒரே பனம்பழமாகத் தெரிந்தது. நான் கத்தினேன். டீக்கடையில் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "சோலியப் பாருடி" என்று போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அந்தப் பெண்ணிடமிருந்து மாத்திரையை நான் பிடுங்கிக்கொண்டேன். பிரஷர் இல்லாதவள் பிரஷர் மாத்திரை போட்டு மலையில் மயங்கி விழுந்தால் அதற்கும் எங்கள் வீடுதான் பதில் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் பயம், அதிகமாகச் சிரித்தாலும் பயம். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றுவாள், தனக்கு இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வாள். ஊறுகாய் இல்லாமல் கஞ்சி இறங்காது. நான் எதையாவது சொன்னால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். மூத்தவளிடம் இளையவள் எவ்வளவுதான் பேச முடியும்?

கேரள நர்சு மறுபடி ஸ்டோருக்கு வந்த அன்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கருவியில் காற்று இறங்க இறங்க நர்சின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பதினாறு. உட்காரவைத்து மறுபடி எடுத்தார். ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். அக்கா எதுவும் இல்லை என்றாள். உண்மையாகவே அவளுக்கு எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சேச்சி இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். களிக்கண்டா, வெளயாட்டில்ல" என்றார் நர்சு.

"மலையில எடுத்ததுதான் சிஸ்டரு" என்று அக்கா எழுந்துகொண்டாள்.

நான் அழுதேன். ஸ்டோர் வாசலில், எல்லோர் முன்னாலும், வெட்கம் இல்லாமல் அழுதேன். அதற்கு அவள் கொஞ்சம் இளகினாள். ஊருக்கு வந்ததும் போடி ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தாள். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார், இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்தார். சில நாளில் வந்து காட்டச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் ஜீப்பில் ஏறியதும், "போட்டியா?" என்றேன். "போட்டேன்" என்றாள். அடுத்த நாளும் போட்டேன் என்றாள். அவள் வீட்டில் அவள் வாய்க்குள் அவள் போடுகிற மாத்திரை. நான் என்ன வாசலில் நின்று காவல் காக்க முடியுமா? நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி. போய்க் காட்டலாம் என்று கூப்பிட்டபோதெல்லாம், காய் நல்லா எறங்குற நேரம், இந்த எடுப்பு முடியட்டும் என்றாள்.

ஏலச்செடி ஆளைவிட உயரம். காய்ச் சரமெல்லாம் அடித்தூரில் தரையோடு கிடக்கும். அதனால் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்துத் தூரில் இருப்பவள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அப்படித்தான் அன்றைக்கும் அக்கா எனக்கு இரண்டு தூர் தள்ளி உட்கார்ந்து, தன் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் நடந்த கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாரல் அப்போதுதான் நின்றிருந்தது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொண்டே வந்தவளின் பேச்சு குழறியது. வாயில் வெற்றிலை இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, "வந்தாக, வந்தாக, வந்தாக" என்று அதையே சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவள், "யாரு மதினி வந்தாக, சொல்லித் தொலைங்க" என்று சிரித்தாள். அக்கா மறுபடி அதையே சொன்னாள், இன்னும் கொழகொழவென்று. செடியை விலக்கிக்கொண்டு ஊர்ந்து போனேன்.

அவள் தூரின்மேல் சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை சருகுக்குள் கிடந்தது, எடுத்த காய் அப்படியே உள்ளங்கையில் இருந்தது. கண் என்னைப் பார்த்தது. அதில் வலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

படுதாவில் கிடத்தி நாலு பேர் தூக்கி, சரிவில் வழுக்கி வழுக்கி ஜீப்புத் தடத்துக்குக் கொண்டுவந்தோம். "வெரசா போண்ணே, வெரசா போண்ணே" என்று வழி முழுக்க நான் கத்தினேன். டிரைவர் பாவம், அந்த வளைவுகளில் அதற்குமேல் எப்படிப் போவார்? அவள் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் வாந்தி எடுத்தாள். கீழே இறங்க இறங்க, இறங்கிவிடும், கீழே போனால் இறங்கிவிடும் என்று ஜீப்பின் அந்தப் பழைய பைத்தியக்காரப் பேச்சையே மந்திரம் மாதிரி நானும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போடியில் பார்த்துவிட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள். அங்கே தலையைப் படம் எடுத்தார்கள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் பெரிய டாக்டர். "பிரஷருக்கு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டதாகத்தான் சொன்னாள் என்றேன். அன்று மாலை அக்காவின் மகன், வீட்டிலிருந்து துணி எடுத்து வரும்போது மருந்துப் பையையும் எடுத்து வந்தான். கடைசியாக வாங்கிய மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளே நினைவில்லாமல் கிடப்பவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்ததும்தான் அழுகை வந்தது.

பிழைத்துக்கொண்டாள். வலது பக்கம் திரும்பவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது, "இல்ல". பசிக்கிறதா என்றாலும் இல்ல, பசிக்கவில்லையா என்றாலும் இல்ல. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது ஆமாம், எது இல்லை என்று கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் ஆனது. அவள் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் அவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்வருகிறேன். இப்போதெல்லாம் அவளுக்கு மாத்திரை தவறுவதே இல்லை. நான்தான் போடுகிறேன்.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. தீட்டு ஒரு மாதம் வருகிறது, மூன்று மாதம் வருவதில்லை. போன கோடையில் காய் பிரித்துக்கொண்டிருந்தபோது கழுத்திலிருந்து குப்பென்று ஏறியது. அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து உள்ளே ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. நர்சம்மாவைப் பார்க்கத் தைரியம் வராமல் சில வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவரே அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அவளுக்குப் பார்த்துவிட்டு என் கையையும் நீட்டச் சொன்னார்.

நூற்றைம்பத்தெட்டு. முன்பு ஒருமுறை வந்து போயிற்றே, இதுவும் அப்படிப் போகாதா என்று கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப நிறுத்துறதுக்கு ஒண்ணு இருந்துச்சுக்கா. இப்ப நிறுத்த ஒண்ணும் இல்ல. ஆரம்பிக்கத்தான் வேணும்" என்றார் நர்சம்மா.

கட்டிலில் கிடந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வந்த மறுநாள் காலை, கஞ்சியை ஊட்டப் போனேன். வாயைத் திறக்கவில்லை. இடது கையால் என் மாத்திரை இருந்த பக்கம் காட்டினாள். போட்டுவிட்டேன் என்றேன். உண்மையில் போட்டிருந்தேன்.

"இல்ல" என்றாள்.

"சத்தியமா போட்டேன்க்கா."

அந்த ஒற்றைக் கையால் என் தாடையைப் பிடித்து இழுத்தாள். நான் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகும் அவள் என்னை நம்பவில்லை.